வயசான பக்தர் ஒருத்தர பேட்டி எடுக்குறது எப்படி: "உன் இஷ்டம்ப்பா"லேர்ந்து கேப்ஷன் வரைக்கும்

வீட்ல இருக்குற பெரியவங்க கிட்ட போய் "உங்க பக்தி வாழ்க்கைய பத்தி ஒரு வீடியோ எடுக்கலாமா"ன்னு கேட்டா பெரும்பாலும் வர்ற பதில் "உன் இஷ்டம்ப்பா". இத சம்மதம்னு எடுத்துக்கிட்டு தான் நான் முதல் தடவ ஒரு பாட்டிய பேட்டி எடுத்தேன். அவங்களுக்கு 83 வயசு, சொந்தக்கார பாட்டி, பேர் வேணாம். வீடியோ நல்லா வந்துச்சுன்னு நானே என்னைய மெச்சிக்கிட்டு போட்டேன். நாலு நாள் கழிச்சு அவங்கள பாக்கப் போனா முகம் குடுத்து பேசல. கடைசியா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாங்க, "நான் அப்படி சொல்லலையே கண்ணு." உண்மையிலயே அவங்க அப்படி சொல்லல தான். வார்த்தையெல்லாம் அவங்களோடது, ஆனா வெட்டி ஒட்டுனது நான். போட்ட வீடியோவ தூக்கிட்டேன், ஒன்றரை மாசம் கழிச்சு அவங்களே கூப்பிட்டு "இப்ப ஒழுங்கா எடு"ன்னு சொன்னப்புறம் ரெண்டாவது தடவ எடுத்தேன். கீழ இருக்குறது அந்த ரெண்டாவது தடவ செஞ்ச முறை, முதல் தடவ எங்க சொதப்புனேன்றதையும் அங்கங்க சொல்றேன். நான் சாமின்னு எழுதுறத நீங்க உங்க ஆளு கும்பிடுற எந்த பேர வேணா போட்டு படிச்சுக்கலாம், முறை மாறாது.

முதல் நாள் கேமரா எடுத்துட்டு போகாதீங்க

முதல் சந்திப்புக்கு ஒரு நோட்டு மட்டும் போதும், அதையும் பையிலயே வெச்சுக்கோங்க. அன்னிக்கு நீங்க பாக்க வேண்டியது மூணே விஷயம். அவங்களுக்கு எந்த நேரத்துல தெம்பு இருக்கு, எந்த காது நல்லா கேக்குது, பேச்சு எதை தொட்டா தானா ஓடுது.

நேரம் முக்கியம். நெறைய பெரியவங்களுக்கு காலைல பிரார்த்தனை முடிஞ்ச கையோட ஒரு ஒன்றரை மணி நேரம் தான் மனசும் உடம்பும் தெளிவா இருக்கும், மதியத்துக்கு மேல வார்த்தை தேட ஆரம்பிச்சுடுவாங்க, சாயந்தரம் எடுத்துட்டு "பாட்டிக்கு ஞாபகமே இல்ல"ன்னு சொல்றது நம்ம தப்பு. காது விஷயமும் அப்படித்தான். வயசானா முதல்ல மெல்லிசான, உச்சமான சத்தங்கள் தான் கேக்காம போகும், அதனால ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் அவங்களுக்கு ஒண்ணோட ஒண்ணு குழம்பிடும். நீங்க கத்துனா தெளிவாகாது, இரைச்சல் தான் கூடும். குரல கொஞ்சம் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, உங்க வாய் அவங்களுக்கு தெரியுற மாதிரி வெளிச்சத்துல உக்காந்து பேசுங்க. கேள்வி புரியாம தலையாட்டுறாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, ஆமா இல்லன்னு பதில் சொல்ல முடியாத ஒரு கேள்விய நடுவுல கேளுங்க. அதுக்கும் "ஆமாம்ப்பா"ன்னு வந்தா கேக்கலன்னு அர்த்தம்.

மூணாவது தான் பெருசு. எங்க பாட்டிக்கு அது ஒரு சின்ன பிரார்த்தனை புத்தகம். முதல் தடவ நான் அத கவனிக்கவே இல்ல, ரெண்டாவது தடவ சும்மா போனப்ப தான் கைல வாங்கி பாத்தேன். அட்டை போய் வேற எதோ காலண்டர் அட்டைய வெச்சு நூல் போட்டு தச்சிருக்கு, பக்கத்தோட வலது கீழ் மூல விரல் பட்டு பட்டு கறுத்துப் போய் வழவழன்னு இருக்கு, கடைசி வெத்து பக்கங்கள்ல பென்சில்ல சின்ன சின்ன கோடு. ஒரு நாள் படிச்சா ஒரு கோடு. நடுவுல ஒரு பக்கம் முழுக்க காலியா விட்டிருந்துச்சு. "இது என்ன பாட்டி, இங்க ஒண்ணுமே இல்ல?"ன்னு கேட்டதுக்கு "அது அப்புறம்"ன்னு புத்தகத்த வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு அதோட விட்டுட்டேன். கேமரா இல்லாத நாள்ல கதைய முழுசா கேட்டுட்டா, எடுக்குற நாள்ல "அதான் அன்னிக்கே சொன்னேனே"ன்னு ரெண்டு வரில முடிச்சுடுவாங்க.

சம்மதம்: எதுக்கு சரி சொன்னாங்கன்னு தெரியணும்

மத நம்பிக்கைன்றது ஒருத்தரோட ரொம்ப அந்தரங்கமான தகவல். ஐரோப்பிய ஒன்றியத்துல 2018லேர்ந்து நடைமுறைல இருக்குற ஜிடிபிஆர் சட்டம், 9வது பிரிவுல, உடல்நலத் தகவலோட சேத்து மத நம்பிக்கையையும் தனிப் பாதுகாப்பு வேண்டிய வகைன்னு தான் வெச்சிருக்கு. நீங்க இருக்குற எடத்துல சட்டம் எப்படியோ, ஒரு ஒரே "சரி"ல எல்லாத்தையும் அடக்கக் கூடாது.

நான் இப்ப தனித்தனியா அஞ்சு கேக்குறேன். பதிவு பண்ணலாமா. வெட்டி சுருக்கலாமா. குடும்பத்துக்குள்ள காட்டலாமா. வெளி ஆளுங்க பாக்குற மாதிரி போடலாமா. பேரும் முகமும் தெரியலாமா. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பதில் வரலாம், வந்துச்சு. எங்க பாட்டி முதல் நாலுக்கும் சரி, அஞ்சாவதுல "முகம் இருக்கட்டும், பேர் வேணாம்"னு சொன்னாங்க. நான் நேர்மாறா சொல்வாங்கன்னு நெனச்சிருந்தேன். ஆறாவதா ஒண்ணு இருக்கு, கேக்க வாய் வராது, ஆனா கேக்கணும்: அவங்க காலத்துக்கு அப்புறம் இந்த பதிவு யார்கிட்ட இருக்கணும், வெளியிட்டத எடுக்கணும்னா யார் சொல்லலாம். பெரியவங்களுக்கு இந்த கேள்வில சங்கடம் நமக்கு இருக்குற அளவு இல்ல. சட்டுனு பதில் சொல்லிடுவாங்க.

வெளில போடுறதுன்னா என்னன்னு வாயால சொன்னா புரியாது. நான் கேட்டேன், "பாட்டி, இத யாரெல்லாம் பாப்பாங்கன்னு நெனக்கிறீங்க?" பதில்: "நம்ம வீட்டு ஆளுங்க தான, அப்புறம் உன் ஃப்ரெண்டு ரெண்டு பேரு." முதல் தடவயும் அவங்க மனசுல இது தான் இருந்திருக்கு, நான் தான் கேக்கல. போன எடுத்து முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளோட வீடியோவ போட்டு, கீழ யார் யாரோ எழுதிருக்குறத படிச்சு காட்டி, "இந்த மாதிரி நம்மள தெரியாதவங்களும் பாப்பாங்க, நல்லதும் எழுதுவாங்க கிண்டலும் பண்ணுவாங்க"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப மருமக பேச்சு வேணாம்"னாங்க. அது தான் உண்மையான சம்மதம், ஏன்னா அதுல ஒரு "வேணாம்" இருக்கு. எதுக்குமே வேணாம் சொல்லாத சம்மதத்த நான் இப்பல்லாம் நம்புறதில்ல.

இத தனியா இருக்குறப்ப கேளுங்க. பையனோ பேத்தியோ பக்கத்துல உக்காந்து "சொல்லுங்க பாட்டி, என்ன இப்ப"ன்னு தள்ளிக்கிட்டே இருந்தா அவங்க சொல்ற சரி அந்த பையனுக்கு சொன்னது, உங்களுக்கு சொன்னது இல்ல. கேட்ட அன்னிக்கே கையெழுத்து வாங்காதீங்க, ரெண்டு மூணு நாள் விடுங்க. பேப்பர்ல பெரிய எழுத்துல, 18 பாயின்ட்டுக்கு குறையாம, ஒரே பக்கத்துல இருக்கட்டும், நீங்க சத்தமா படிச்சு காட்டுங்க, ஒரு காப்பி அவங்க கிட்டயே இருக்கணும், அதுல "எப்ப வேணா நிறுத்தலாம், போட்டப்புறமும் எடுக்கச் சொல்லலாம்"னு ஒரு வரி, உங்க நம்பரோட. படிக்க எழுத வராதவங்கன்னா பதிவோட தொடக்கத்துலயே அவங்க வாயால சொல்ல வெச்சு வெச்சுக்கலாம்.

ஞாபகம் தடுமாறுறவங்க விஷயத்துல நான் கறாரா இருக்கேன். விளக்கி முடிச்சு பத்து நிமிஷம் கழிச்சு "நாம என்ன பண்ணப் போறோம்"னு கேட்டா அவங்க வார்த்தைல திருப்பி சொல்ல முடியலன்னா, குடும்பத்துக்காக பதிவு பண்ணி வெச்சுக்கோங்க, வெளில போடாதீங்க. வீட்டாளுங்க சரின்னு சொன்னாலும் சரி. பதிவு பண்றப்பவும் அவங்க மைக்க புடிச்சு புடிச்சு இழுத்தா, முகத்த திருப்பிக்கிட்டா, "போதுமா"ன்னு ரெண்டு தடவ கேட்டா, அதுவும் ஒரு பதில் தான், நிறுத்திடுங்க.

இடமும் மைக்கும்

இது சீக்கிரம் சொல்லிடுறேன். அவங்க வழக்கமா உக்கார்ற நாற்காலி, அவங்க வழக்கமா பிரார்த்தனை பண்ற எடத்துக்கு பக்கத்துல. பிரார்த்தனை எடமே வேணும்னா செருப்போட போகலாமா, எங்க கேமரா ஸ்டாண்டு வைக்கக் கூடாது, எத படம் புடிக்கக் கூடாதுன்னு முன்னாடியே கேளுங்க. ஃபேன், ஃபிரிட்ஜ், சுவர் கடிகாரம் மூணும் தான் ஆடியோவோட எதிரி. ஃபிரிட்ஜ அணைச்சா உங்க வண்டி சாவிய அதுக்குள்ள வெச்சுடுங்க, அப்ப தான் கெளம்பறப்ப திருப்பி போட மறக்க மாட்டீங்க.

சட்டைல மாட்டுற குட்டி மைக் போதும், வாய்லேர்ந்து ஒரு சாண் கீழ, துணி உரசாத மாதிரி. மைக்க நீங்களே போய் மாட்டாதீங்க, அவங்களோ வீட்டு பொம்பளைங்களோ மாட்டட்டும். கழுத்துல சங்கிலி, ஜெபமாலை மாதிரி எதாவது இருந்தா அது மைக்ல இடிச்சு டக் டக்னு விழும், ஆனா கழட்டச் சொல்லாதீங்க, மைக்க ஓரமா தள்ளி மாட்டுங்க, அந்த மாலைய கழட்டி பல வருஷம் ஆகிருக்கலாம். முடிஞ்சா WAV ஃபைலா பதிவு பண்ணுங்க, கூடவே இன்னொரு போன் ஏரோப்ளேன் மோடுல மேசை மேல ஓடட்டும். கடைசில யாரும் பேசாம அர நிமிஷம் வெறும் ரூம் சத்தத்த எடுத்துக்கோங்க, எடிட்ல ஒட்டுற எடத்துல அத தான் போடணும்.

ஃப்ரேமுக்குள்ள என்ன தெரியுதுன்னு ஒரு தடவ சுத்தி பாருங்க. மருந்து டப்பா, பேரப்பிள்ளைங்க ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டோ, சுவத்துல எழுதி ஒட்டுன போன் நம்பர், கதவு எண். தனியா இருக்குற வயசானவங்க வீடு எதுன்னு ஊருக்கே காட்டுற மாதிரி ஆகிடும்.

கேள்வி

"உங்களுக்கு பக்தின்னா என்ன?"ன்னு ஆரம்பிச்சா செத்தோம். யாரோ பேச்சாளர் சொன்னத அப்படியே திருப்பி சொல்வாங்க, பெரிய வார்த்தையா வரும், ஒண்ணும் இருக்காது. பத்து வயசுலேர்ந்து முப்பது வயசு வரைக்குமான ஞாபகம் தான் வயசானவங்க கிட்ட மத்த காலத்த விட கெட்டியா நிக்கும்ன்றது மனோதத்துவத்துல நல்லா தெரிஞ்ச விஷயம், அதனால அங்க போய் இறங்குங்க, அதுவும் ஒரு காட்சியா. "சின்ன வயசுல உங்கள முதல் முதல்ல கும்பிடச் சொல்லி குடுத்தது யாரு, அப்ப நீங்க எங்க நின்னீங்க?" எங்க நின்னீங்கன்ற அந்த துண்டு தான் வேலை செய்யும். எங்க பாட்டி "எங்க ஆத்தா முந்தானைக்கு பின்னாடி, எனக்கு சாமியே தெரியல, ஆத்தாளோட முதுகு தான் தெரிஞ்சுது"ன்னாங்க. இத விட நல்ல ஆரம்பம் எந்த ஸ்கிரிப்ட்லயும் கெடைக்காது.

பதில உள்ள வெச்சு கேக்குற கேள்வி இன்னொரு பொறி. "அந்த கஷ்டத்துல சாமி தான உங்கள காப்பாத்துனார்?"னு கேட்டா எந்த பக்தரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா அது உங்க வாக்கியம். "அந்த நேரத்துல கும்பிட்டீங்களா, எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டு விட்டுடுங்க. அதே மாதிரி அவங்க நம்பிக்கைய சோதிக்கிற கேள்வியும் வேணாம். அற்புதம்னு ஒண்ண சொன்னா "அப்புறம் என்ன ஆச்சு, கூட யார் இருந்தாங்க"ன்னு கேளுங்க, "அது தற்செயலா கூட இருக்கலாம்ல"ன்னு கேக்க நீங்க அங்க போகல.

பதில் முடிஞ்ச மாதிரி தெரிஞ்சதும் அடுத்த கேள்விக்கு பாயாதீங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அந்த காலிப் பக்கத்த பத்தி ரெண்டாவது பேட்டில கேட்டப்ப என்ன நடந்துச்சுன்றத அப்படியே எழுதுறேன்.

"புத்தகத்துல ஒரு பக்கம் காலியா இருந்துச்சே பாட்டி, இன்னிக்கு சொல்றீங்களா?"

"எனக்கு முப்பத்தாறு வயசு. ரெண்டாவது பையன் போய்ட்டான். ஒம்பது வயசு. ரெண்டு வருசம் அந்தப் பக்கமே போகல. போக மனசு வரல."

நான் ஒண்ணும் சொல்லல. ஆறு செகண்டு இருக்கும். புத்தகத்தோட ஓரத்த தடவிக்கிட்டே இருந்தாங்க.

"அப்புறம் ஒரு நாள் போனேன். கும்பிட இல்ல, சண்ட போட. யார்கிட்டயாச்சும் கேக்கணும்ல. போய் நின்னு கேட்டேன், ஏன்டா என் புள்ளையன்னு. பதிலா சொல்லப் போவுது? மறுநாளும் போனேன். தெனம் போய் சண்ட போட்டு, போட்டு, எப்ப அது கும்பிடுறதா மாறுச்சுன்னு எனக்கே தெரியாது."

அழுதா கேமராவ நிறுத்தவா வேணாமான்னு கேப்பீங்க. கை நீட்டி அணைக்காதீங்க, கிட்ட ஸூம் பண்ணாதீங்க. "நிறுத்தணுமா பாட்டி?"ன்னு ஒரே ஒரு தடவ கேளுங்க, அவங்க சொல்றத செய்யுங்க. நாப்பது அம்பது நிமிஷத்துக்கு மேல இழுக்க வேணாம், இன்னொரு நாள் வாங்க. முடிச்சதும் மூட்டைய கட்டிட்டு ஓடாம கொஞ்ச நேரம் வேற எதாவது பேசிட்டு கெளம்புங்க. அம்பது வருஷத்துக்கு முந்தின துக்கத்த கிளறி விட்டுட்டு அவங்கள தனியா விட்டுட்டு வர்றது சரியில்ல.

எடிட்: நான் எங்க தப்பு பண்ணேன்

அன்னிக்கு ராத்திரியே ஒரிஜினல் ஃபைல ரெண்டு வேற எடத்துல காப்பி போடுங்க, அத தொடவே தொடாதீங்க, காப்பில தான் வேலை. அப்புறம் பேசுனத முழுசா, ஒரு வார்த்தை விடாம, நேரத்தோட எழுதுங்க. நாப்பது நிமிஷப் பேச்ச எழுத ஒரு நாள் போகும், போகட்டும். இருமல், "அது வந்து", பாதில நின்ன வாக்கியம் எல்லாமே எழுதுங்க. எத வெட்டுறோம்னு தெரியணும்னா முதல்ல எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கணும்.

முதல் பேட்டிலயும் பாட்டி இந்த பையன் விஷயத்த சொல்லிருந்தாங்க, கொஞ்சம் சுருக்கமா. நான் பண்ணது இது: "ரெண்டு வருசம் போகல... அப்புறம் ஒரு நாள் போனேன்" வரைக்கும் வெச்சுட்டு, அந்த சண்டைய வெட்டிட்டு, இருவது நிமிஷம் தள்ளி வேற எதுக்கோ சொன்ன "மனசு நெறஞ்சு போச்சு"ன்ற வரிய அங்க கொண்டாந்து ஒட்டி, கீழ ஒரு மியூசிக். கேக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. சண்டைய ஏன் வெட்டுனேன்னா, சாமிய "ஏன்டா"ன்னு கேட்டது அவங்களுக்கு மரியாதைக் குறைவா இருக்கும்னு நானா முடிவு பண்ணேன். நடந்தது என்னன்னா, பாக்குறவங்களுக்கு அவங்க புள்ள போனத சுலபமா முழுங்கிட்டு திரும்பி வந்த மாதிரி தெரிஞ்சுது. தெரிஞ்சவங்க ஒருத்தங்க வந்து "எப்படி அவ்ளோ சீக்கிரம் மனச தேத்திக்கிட்டீங்க"ன்னு கேட்டிருக்காங்க. அவங்கள காயப்படுத்துனது அது தான். அவங்களுக்கு அந்த சண்டை தான் பக்தி.

அதனால இப்ப நான் வெச்சிருக்குற கணக்கு. ஒரே பதிலுக்குள்ள சுருக்கலாம், ஒரு பதில்லேர்ந்து இன்னொரு பதிலுக்கு வார்த்தைய தூக்கிட்டு போகக் கூடாது. திரும்பத் திரும்ப சொன்னதுல ஒண்ண எடுக்கலாம், இருமல் தும்மல் எடுக்கலாம், ஆனா சந்தேகம், கோவம், "எனக்கு தெரியாது" இந்த மூணையும் எடுக்குறதுக்கு முன்னாடி அவங்கள கேக்கணும். "ஆனா"ன்னு ஆரம்பிக்கிற வாக்கியத்த வெட்டப் போறீங்கன்னா நூறு தடவ யோசிங்க, பாதி நேரம் பேச்சோட அர்த்தமே அதுல தான் இருக்கும். சுருக்குன எடத்துல படம் ஒரு துள்ளு துள்ளும், அத மறைக்க புத்தகத்த, கைய காட்டலாம், தப்பில்ல, ஆனா அந்த கை அதே நாள்ல அதே பேச்சுல எடுத்ததா இருக்கட்டும். அழுகைக்கு கீழ மியூசிக் வேணாம், அவங்க மூச்சு சத்தமே போதும்.

கதைல வர்ற மத்தவங்க வேற பிரச்சனை. மருமக, கோயில் நிர்வாகி, செத்துப் போன அண்ணன், இவங்க யாரும் உங்களுக்கு சரி சொல்லல. புகழ்ச்சின்னா பரவால்ல, பழி வர்ற மாதிரி இருந்தா பேரையும் உறவையும் எடுங்க, எடுத்தா கதை நிக்காதுன்னா அந்த பகுதியே வேணாம். பீப் சத்தம் மட்டும் போடாதீங்க, பீப் போட்டா தான் எல்லாரும் யாருன்னு தேடுவாங்க.

சரி வெட்டுனது சரியா தான் இருக்கான்னு எப்படி தெரியும்? எழுதி வெச்ச முழுப் பேச்சையும் வெட்டுனதையும் பக்கத்து பக்கத்துல வெச்சு, ரெண்டையும் படிக்காத ஒரு ஆள் கிட்ட வெட்டுனத மட்டும் காட்டி "இவங்க என்ன சொல்றாங்க, ஒரே வரில சொல்லு"ன்னு கேளுங்க. அந்த ஒரு வரி முழுப் பேச்சுக்கு பொருந்துதான்னு பாருங்க. நான் ரெண்டாவது எடிட்ட என் தங்கச்சி கிட்ட காட்டுனேன், "சண்ட போட்டு போட்டே சாமி கிட்ட ஒட்டிக்கிட்டவங்க"ன்னா. அது போதும்.

கேப்ஷன்

வீடியோக்கு கீழ ஓடுற எழுத்து முதல்ல. ஒரு தடவைக்கு ரெண்டு வரிக்கு மேல வேணாம், தமிழ் வார்த்தை நீளம், ஒரு வரில நாலஞ்சு வார்த்தை தான் நிக்கும். ஒரு செகண்டுக்கு குறையாம, ஏழு செகண்டுக்கு மேல போகாம ஒவ்வொண்ணும் இருக்கட்டும், வாய்க்குள்ள நிதானமா ஒரு தடவ படிச்சு முடிக்க முடியுதான்னு பாத்தா கணக்கு சரியா வந்துடும். அந்த எடம் என்கிட்ட இப்படி இருக்கு:

```
14
00:03:12,400 --> 00:03:16,900
ரெண்டு வருசம் அந்தப் பக்கமே போகல.
போக மனசு வரல.

15
00:03:23,100 --> 00:03:27,600
அப்புறம் ஒரு நாள் போனேன்.
கும்பிட இல்ல, சண்ட போட.
```

பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஆறு செகண்டு ஒண்ணும் இல்ல பாருங்க. முதல்ல அங்க "(மௌனம்)"னு போட்டேன், அப்புறம் எடுத்துட்டேன், திரை காலியா இருக்குறதே அத சொல்லுது. காது கேக்காதவங்களுக்குன்னு தனியா கேப்ஷன் பண்றீங்கன்னா மட்டும் "(புத்தகத்த தடவுறாங்க)" மாதிரி கண்ணுக்கு தெரியுறத போடாம, தெரியாத சத்தத்த போடுங்க, "(குரல் உடையுது)" மாதிரி. ஃபைல சேவ் பண்றப்ப UTF-8ல சேவ் பண்ணுங்க, இல்லன்னா தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வரும்.

"வருசம்"ன்றத "வருடம்"னு திருத்தலாமான்னா, கூடாது. அவங்க பேச்சு அவங்க பேச்சு. ஆனா மூச்சு வாங்குறதையும் பல்லு இல்லாததால மாறுற உச்சரிப்பையும் எழுத்துல கொண்டு வராதீங்க, அது கேலி மாதிரி ஆகிடும். வட்டார வழக்குல மத்தவங்களுக்கு புரியாத வார்த்தை வந்தா அப்படியே விட்டுட்டு வீடியோ விளக்கத்துல அர்த்தம் எழுதுங்க. சாமி பேரு, பாட்டு வரி, மந்திரம் வந்தா காதுல விழுந்தத எழுதாதீங்க, அவங்க கிட்டயே கேட்டு எழுத்துக்கு எழுத்து சரி பாருங்க. வெளில சொல்லக் கூடாத மந்திரம்னு சொன்னா சத்தத்தையும் சேத்து எடுத்துடுங்க.

அடுத்து போட்டோக்கு கீழ எழுதுறது, தலைப்பு, முகப்புப் படத்து மேல போடுற எழுத்து. இங்க தான் நல்லா எடுத்த பேட்டிய நாமளே கெடுக்குறோம். நான் முதல்ல எழுதுனது: "மகனை இழந்தும் கடவுளை விடாத ஏழை மூதாட்டியின் கண்ணீர் கதை!" இதுல எத்தன பொய்னு எண்ணிப் பாருங்க. விட்டாங்க, ரெண்டு வருஷம். ஏழைன்னு அவங்க சொல்லல. கண்ணீர் மொத்தமா அர நிமிஷம் கூட இல்ல, சிரிச்சது தான் அதிகம். ரெண்டாவது தடவ புத்தகத்து போட்டோக்கு எழுதுனது: "நாற்பது வருஷத்துக்கு மேல தினமும் படிச்ச பிரார்த்தனை புத்தகத்தோட கடைசிப் பக்கம். ஒரு கோடு, ஒரு நாள்." காலிப் பக்கத்த பத்தி கேப்ஷன்ல ஒண்ணும் எழுதல, அத சொல்ல வேண்டியது அவங்க.

எப்பவும் என்ன நடக்குதுன்னு எழுதுங்க, மனசுல என்ன ஓடுதுன்னு எழுதாதீங்க. கண்ண மூடி உக்காந்திருக்காங்கன்னா "காலை பிரார்த்தனை நேரம்", "இறைவனோடு ஒன்றிய தருணம்" இல்ல. தூங்கிட்டு கூட இருந்திருக்கலாம். அவங்க சொன்ன அற்புதத்துக்கு கேப்ஷன் போடுறப்ப "நடந்தது"ன்னு நீங்க சாட்சி சொல்லவும் வேணாம், "நடந்ததாக நம்புகிறார்"னு ஒரு ஓரமா நக்கல் தொனில எழுதவும் வேணாம். மேற்கோள் குறிக்குள்ள அவங்க வார்த்தைய போட்டுட்டா ரெண்டு பக்கமும் நியாயம். "அவர்", "அவங்க"ன்ற மரியாதை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும், தலைப்புல "பாட்டி சொல்கிறாள்"னு ஒரு ள் போட்டாலே போச்சு.

போடுறதுக்கு முன்னாடி, போட்டப்புறம்

முடிச்ச வீடியோவ பெரிய திரைல, அவங்களோட உக்காந்து, நிறுத்தி நிறுத்தி காட்டுங்க. கேப்ஷன சத்தமா படிங்க, தலைப்பையும் முகப்புப் படத்தையும் சேத்து. படத்த பாக்காதீங்க, அவங்க முகத்த பாருங்க. எங்க பாட்டி "ஏன்டா என் புள்ளைய" வர்ற எடத்துல முந்தானையால வாய பொத்திக்கிட்டாங்க. நான் நிறுத்திட்டு "எடுத்துடவா?"ன்னேன். "இரு இரு"ன்னு கையமர்த்திட்டு திரும்ப ஒரு தடவ போடச் சொல்லி பாத்தாங்க. அத விட்டுட்டு வேற ஒரு எடத்துல, எனக்கு ரொம்ப புடிச்ச எடம், புருஷன பத்தி ஒரு தமாஷ், "அது வேணாம், அவரு கேட்டா கோச்சுக்குவாரு"ன்னாங்க. அவர் காலமாகி பதினோரு வருஷம். எடுத்துட்டேன்.

அப்புறம் முழுப் பதிவோட ஒரு காப்பிய பென் டிரைவ்ல, எழுத்துல இறக்குன பேச்ச பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு, அவங்க கிட்ட குடுங்க. போட்ட முதல் வாரம் கீழ வர்ற பதில்கள நீங்க தான் தெனம் பாக்கணும், அசிங்கமா வந்தா அழிங்க, அவங்க நம்பிக்கைய வெச்சு ரெண்டு பேர் சண்ட போட ஆரம்பிச்சா பதில் எழுதுற வசதியவே மூடிடுங்க. ஒரு மாசம் கழிச்சு போன்ல இல்லாம நேர்ல போய் "இன்னும் இருக்கட்டுமா பாட்டி?"ன்னு கேளுங்க. நான் போனப்ப பாட்டி அந்த பிரிண்ட்ட எடுத்துட்டு வந்து காட்டுனாங்க, நாலஞ்சு எடத்துல பென்சில்ல கோடு போட்டிருந்துச்சு. திருத்தமான்னு கேட்டேன். "இல்ல, படிச்ச நாளு"ன்னாங்க.